பால் கொடுக்கும்வரை கரு தங்காதா? - ஒரு பழைய நம்பிக்கையின் வரலாறு

"பால் குடிக்கிற பிள்ளை மடியில் இருக்கும்வரை அடுத்தது தங்காது." இந்த வாக்கியத்தை நம் வீடுகளில் கேட்காதவர்கள் குறைவு. இதைச் சொல்லும் பாட்டிகளும் உண்டு, இதை நம்பி ஏமாந்து ஒன்றரை வருடத்தில் இரண்டு பிள்ளைகளோடு நின்ற அம்மாக்களும் உண்டு. அப்படியென்றால் இது உண்மையா, கட்டுக்கதையா?

இரண்டும்தான். ஒரு குறிப்பிட்ட காலம் வரை, சில நிபந்தனைகளோடு, இது மாத்திரைக்கு இணையான பாதுகாப்பைத் தருகிறது. அந்தக் காலம் முடிந்ததும் அதே நம்பிக்கை ஆளைக் கவிழ்த்துவிடுகிறது. கோடு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு ஏறக்குறைய 2300 வருடங்கள் ஆயின. அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். மருத்துவம் கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். பத்தாம் வகுப்பு உயிரியல் போதும்.

அரிஸ்டாட்டில் முதல் பாரிஸ் வரை

பால் கொடுக்கும் பெண்களுக்கு இயல்பாக மாதவிலக்கு வருவதில்லை, அவர்கள் கருத்தரிப்பதும் இல்லை என்று அரிஸ்டாட்டில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். அவர் சொன்ன காரணம் தவறு. ரத்தம்தான் பாலாக மாறுகிறது, ஒரே பொருளை உடம்பு இரண்டு இடத்தில் செலவழிக்க முடியாது என்று அவர் நினைத்தார். ஆனால் கவனித்த விஷயம் சரி. ஊர் ஊராகப் பெண்களும் இதையே கவனித்திருந்தார்கள்.

ஒரு பழக்கத்தின் பலன் சில நேரங்களில் அந்தப் பழக்கத்தை விட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் அப்படி ஓர் இடம். அங்கே குழந்தை பிறந்தவுடன் கிராமத்தில் இருக்கும் செவிலித்தாயிடம் பால் குடிக்க அனுப்பிவிடுவது சாதாரண வழக்கம். பணக்காரர்கள் மட்டும் இல்லை, கடைக்காரர்களும் கைவினைஞர்களும்கூட அப்படித்தான் செய்தார்கள். மனைவி கடையிலோ தொழிலிலோ நிற்க வேண்டும், வீட்டில் இடமும் இல்லை. 1780-ல் பாரிஸ் நகரக் காவல் தலைவராக இருந்த லெனுவார் தந்த கணக்கு மிகவும் புகழ்பெற்றது. வருடத்துக்குச் சுமார் 21,000 குழந்தைகள் பிறக்கிற அந்த நகரத்தில், சொந்தத் தாயிடம் பால் குடித்தவை ஏறக்குறைய 1,000 மட்டுமே.

விளைவு இரண்டு பக்கமும் விழுந்தது. அனுப்பப்பட்ட குழந்தைகள் ஏராளமாக இறந்தன. நகரத்தில் இருந்த தாய்க்கோ பால் வற்றிவிடும், சில வாரங்களில் உடம்பு மறுபடி கருத்தரிக்கத் தயாராகிவிடும். வருடத்துக்கு ஒரு பிரசவம் என்ற நிலை பல குடும்பங்களில் இருந்தது. அதே நேரத்தில் கிராமத்தில் கூலிக்குப் பால் கொடுத்த ஏழைப் பெண்ணுக்கு அடுத்த குழந்தை தள்ளிப்போனது. ஒருத்தியின் உடம்பில் நடந்திருக்க வேண்டிய தடுப்பு, காசு கைமாறியதும் இன்னொருத்தியின் உடம்பில் நடந்தது!

இறந்த குழந்தைகள் சொன்ன சாட்சி

இது வெறும் ஊகமா, கணக்கில் நிற்குமா? 20-ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை ஆய்வாளர்கள் பழைய தேவாலயப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் தேதியோடு இருக்கும். அதனால் ஒரு குடும்பத்தில் எந்தக் குழந்தை எப்போது பிறந்தது, எப்போது இறந்தது, அடுத்தது எப்போது பிறந்தது என்று வரிசையாகக் கோர்த்துவிடலாம்.

இங்கே அவர்கள் பயன்படுத்திய உத்தி எளிமையானது, ஆனால் மனதைப் பிசைவது. ஒரு குழந்தை பிறந்த சில வாரங்களில் இறந்துவிட்டால் தாய் பால் கொடுப்பது நின்றுவிடும். அந்தக் குடும்பத்தில் அடுத்த குழந்தை எத்தனை மாதத்தில் பிறந்தது? குழந்தை உயிரோடு வளர்ந்த குடும்பத்தில் எத்தனை மாதத்தில் பிறந்தது? இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பால் கொடுத்ததால் கிடைத்த இடைவெளி. தாய்ப்பால் கொடுக்கும் ஊர்களில் இந்த வித்தியாசம் பல மாதங்கள் வரும்.

இந்த ஆய்வுகளில் ஜெர்மனியின் பவேரியா பகுதி தனித்து நின்றது. ஜான் நோடல் என்ற ஆய்வாளர் அந்தப் பதிவேடுகளை விரிவாக ஆராய்ந்தவர். 19-ஆம் நூற்றாண்டில் பவேரியாவின் பல கிராமங்களில் தாய்மார்கள் தாய்ப்பாலே கொடுப்பதில்லை. மாவைக் காய்ச்சிக் கூழாக ஊட்டுவார்கள். அங்கே முதல் பிறந்தநாளைப் பார்க்காமல் இறந்த குழந்தைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதோடு இன்னொன்று. குழந்தை இறந்த வீட்டுக்கும் பிழைத்த வீட்டுக்கும் அடுத்த பிரசவத்தின் இடைவெளியில் பெரிய வித்தியாசமே இல்லை. எப்படி இருக்கும்? நிறுத்துவதற்குப் பால் கொடுத்திருந்தால்தானே!

ஆக, தாய்ப்பால் பிரசவத்தைத் தள்ளிப்போடுகிறது என்பது உறுதியானது. எப்படித் தள்ளிப்போடுகிறது என்பது அடுத்த கேள்வி.

கலஹாரியில் கையில் கடிகாரத்தோடு

தென் ஆப்பிரிக்கக் கண்டப் பகுதியில், கலஹாரி பாலைவனத்தில் வேட்டையாடியும் கிழங்கு சேகரித்தும் வாழ்ந்தவர்கள் குங் இன மக்கள். அவர்களிடம் மாத்திரை இல்லை, வேறு கருத்தடையும் இல்லை. ஆனாலும் இரண்டு பிரசவங்களுக்கு இடையே சராசரியாக 44 மாதம் இருந்தது. கிட்டத்தட்ட நான்கு வருடம்.

மெல்வின் கானர், கரோல் வொர்த்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தாயும் குழந்தையும் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, எப்போது பால் குடிக்கிறது, எவ்வளவு நேரம் குடிக்கிறது என்று குறித்தார்கள். அவர்களுடைய கட்டுரை 1980-ல் சயின்ஸ் இதழில் வந்தது. குழந்தை ஒரு நேரத்துக்கு நிறையக் குடிப்பதில்லை, இரண்டு நிமிடம்கூட இருக்காது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குப் பல தடவை குடிக்கிறது. இடுப்பில் துணியில் கட்டித் தூக்கிச் செல்வதால் அது நினைத்தபோது வாய் வைக்கும். இரவில் தாயின் பக்கத்திலேயே படுக்கை.

அதாவது முக்கியமானது பாலின் அளவு இல்லை. குழந்தை எத்தனை தடவை உறிஞ்சுகிறது என்பது. உறிஞ்சும்போது மார்புக் காம்பில் இருக்கும் நரம்புகள் மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் பகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. இந்தப் பகுதிதான் வழக்கமாக ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை துடிப்பு துடிப்பாக ஒரு ஹார்மோனை விட்டு, பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்பும். பிட்யூட்டரி சினைப்பையை எழுப்பும். சினைப்பை கருமுட்டையை வளர்க்கும். அடிக்கடி உறிஞ்சும்போது இந்த முதல் துடிப்பின் தாளம் குலைந்துவிடுகிறது. தட்டுகிற ஆள் ஒழுங்காகத் தட்டவில்லை என்றால் வீட்டுக்குள் இருப்பவர் எழுந்திருக்க மாட்டார் அல்லவா? கருமுட்டை முதிர்வதில்லை, வெளிப்படுவதும் இல்லை. முட்டை இல்லாவிட்டால் கரு ஏது?

பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன்தான் நேரடியாகக் கருமுட்டையைத் தடுக்கிறது என்று வெகுநாள் நினைத்தார்கள். அது கூடவே ஏறி இறங்குவதால் வந்த எண்ணம். தாளம் குலைவதுதான் முக்கியக் காரணம் என்பது பிறகு வந்த ஆய்வுகளில் தெளிவானது.

எடின்பரோவில் ஒரு கரண்டிக் கூழ்

பாலைவனத்தில் வாழும் மக்களுக்குச் சரி, நகரத்துப் பெண்களுக்கு? ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பீட்டர் ஹவி, ஆலன் மெக்நீலி ஆகியோரின் குழு 27 தாய்மார்களை மாதக்கணக்கில் பின்தொடர்ந்தது. எத்தனை தடவை பால் கொடுத்தோம் என்று தாய்மார்கள் குறித்து வைப்பார்கள். அவர்களுடைய சிறுநீரிலும் ரத்தத்திலும் ஹார்மோன் அளவைப் பார்த்து, சினைப்பை விழித்துவிட்டதா என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பார்கள். முடிவுகள் 1981-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தன.

அதில் தெரிந்த திருப்புமுனை, குழந்தைக்கு முதல் முறையாக வேறு உணவு கொடுத்த நாள். கூழோ புட்டிப்பாலோ வயிற்றில் விழுந்ததும் குழந்தை மார்பை நாடும் தடவைகள் குறைகின்றன, மொத்த நேரமும் குறைகிறது. புரோலாக்டின் இறங்குகிறது. அடுத்த சில மாதங்களுக்குள் பெரும்பாலான தாய்மார்களின் சினைப்பை வேலையைத் தொடங்கிவிட்டது, பாதிப் பேருக்குக் கருமுட்டையும் வெளிப்பட்டுவிட்டது. அந்தப் பெண்கள் எல்லோரும் அப்போதும் பால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். "பால் கொடுக்கும்வரை" என்ற பாட்டி வாக்கியம் உடைவது இந்த இடத்தில்தான்.

பெல்லாஜியோ, 1988

இத்தனை ஆய்வுகள் கையில் இருந்தும் ஒரு சாதாரணத் தாய்க்கு டாக்டர் சொல்லக்கூடிய ஒற்றை விதி இல்லை. சினைப்பை ஹார்மோனை வாரா வாரம் அளந்துகொண்டா இருக்க முடியும்? வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய அடையாளங்கள் வேண்டும்.

1988 ஆகஸ்டில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில், பெல்லாஜியோ என்ற சிற்றூரில் இருக்கும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை மையத்தில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடினார்கள். பணக்கார நாடுகள், ஏழை நாடுகள் என்று பல இடங்களில் நடந்த ஆய்வுகளை மேசையில் பரப்பி வைத்துப் பேசினார்கள். அங்கே எட்டிய முடிவுக்கு 'பெல்லாஜியோ ஒருமித்த கருத்து' என்று பெயர். அதன் சாரம் மூன்று நிபந்தனைகள்.

1. பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கு திரும்பி வந்திருக்கக் கூடாது.
2. குழந்தை முழுக்க அல்லது ஏறக்குறைய முழுக்கத் தாய்ப்பாலில் மட்டுமே வளர வேண்டும்.
3. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது.

மூன்றும் ஒரே நேரத்தில் பொருந்தினால் கருத்தரிப்பதிலிருந்து 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு. அதாவது 100 பெண்கள் இதை மட்டும் நம்பி ஆறு மாதம் இருந்தால் இரண்டு பேருக்கும் குறைவாகவே கரு தங்கும். மூன்றில் ஒன்று உடைந்தாலும் அந்த எண் செல்லாது. இரண்டு சரியாக இருக்கிறதே என்று மார்க் போட்டுக்கொள்ள முடியாது :-)

பிறகு வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதையே தாய்மார்களிடம் கேட்கும் மூன்று கேள்விகளாக மாற்றி, எல்.ஏ.எம். என்ற சுருக்கப் பெயரோடு ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு முறையாக ஆக்கினார்கள்.

ஏன் ஆறு மாதம்? மணி எப்போது அடிக்கிறது?

என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் நெஞ்சுப் பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மாதவிலக்கு என்பது கருமுட்டை வெளிப்பட்டு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, கரு தங்காதபோது வருவது. அதனால் 'மாதவிலக்கு வந்த பிறகுதான் கவலைப்பட வேண்டும்' என்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. முட்டை முதலில் வெளியே வரும், ரத்தம் பிறகுதான் வரும். திருடன் வந்து போன பிறகு நாய் குரைப்பது மாதிரி!

அப்படியானால் மாதவிலக்கை எச்சரிக்கை மணியாக எப்படி எடுத்துக்கொள்ளலாம்? இங்கேதான் இயற்கை ஒரு சலுகை தருகிறது. பால் கொடுப்பதால் அடங்கியிருந்த சினைப்பை ஒரே நாளில் முழு வேகத்தில் எழுவதில்லை. முதலில் அரைத்தூக்கத்தில் எழுகிறது. கருமுட்டைப் பை கொஞ்சம் வளரும், ஈஸ்ட்ரோஜன் சுரக்கும், கருப்பையின் உட்சுவர் தடிக்கும், ஆனால் முட்டை வெளிப்படாமலே அது வாடிவிடும். தடித்த சுவர் உதிர்ந்து ரத்தமாக வரும். பார்ப்பதற்கு மாதவிலக்கு, ஆனால் அதற்கு முன் முட்டை வெளிவரவே இல்லை. அப்படியே வெளிவந்திருந்தாலும், அதற்குப் பிந்தைய இரண்டு வாரக் காலம் குறுகிப்போய், கரு ஒட்டிக்கொள்ள ஏற்றதாக இருப்பதில்லை.

முதல் ஆறு மாதத்தில், முழுக்கத் தாய்ப்பால் கொடுக்கும் பெண்களுக்குத் திரும்பும் முதல் மாதவிலக்கு பெரும்பாலும் இந்த வகை. அதனால் அந்தக் காலத்தில் மணி உண்மையான ஆபத்துக்கு முன்பே அடித்துவிடுகிறது. "இதுவரை சரி, இனிமேல் இல்லை" என்பதே அதன் செய்தி. அடுத்த சுழற்சியில் நல்ல முட்டை வரலாம்.

மாதம் போகப் போக நிலைமை தலைகீழாகிறது. பிரசவம் முடிந்து எவ்வளவு நாள் கழித்து முதல் மாதவிலக்கு வருகிறதோ, அவ்வளவுக்கு அதற்கு முன்பே நல்ல முட்டை வெளிப்பட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். பத்தாவது மாதத்தில் மணி அடிக்கும்போது திருடன் வந்து போயிருப்பான். கரு தங்கிவிட்டால் மணி அடிக்கவே அடிக்காது. அந்தத் தாய் மாதவிலக்கு வராததைப் பார்த்து "பால் கொடுக்கிறேன், அதனால்தான்" என்று நினைத்துக்கொண்டிருப்பாள். மூன்று, நான்கு மாதம் போய் வயிறு தெரியும்போதுதான் விஷயம் புரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆறு மாதத்தில் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்கியாக வேண்டும். அதற்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. எனவே இரண்டாவது நிபந்தனை தானாகவே உடையும். இரண்டு கோடும் ஒரே இடத்தில் சந்திப்பதால்தான் ஆறு மாதம்.

சோதித்துப் பார்த்தவர்கள்

மேசையில் எழுதிய விதி நிஜ வாழ்க்கையில் நிற்குமா என்று பார்க்க வேண்டுமே. சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் 422 பெண்களுக்கு இந்த மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். 1992-ல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, இதை மட்டும் நம்பியிருந்தவர்களில் ஆறு மாதத்தில் கருத்தரித்த விகிதம் 0.45 சதவீதம். நூற்றுக்கு அரைகூட இல்லை.

அடுத்து உலக சுகாதார நிறுவனம் ஏழு நகரங்களில் 4,000-க்கும் அதிகமான தாய்மார்களைப் பின்தொடர்ந்தது. அதில் நம் புது டெல்லியும் ஒன்று. சீனாவின் செங்டு, நைஜீரியாவின் சகாமு, ஸ்வீடனின் உப்சாலா, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன், குவாத்தமாலா நகரம், சாந்தியாகோ ஆகியவை மற்றவை. 1999-ல் வந்த முடிவு: மாதவிலக்கு திரும்பாமல் முழுக்கத் தாய்ப்பால் கொடுத்தவர்களிடம் ஆறு மாதத்தில் கருத்தரிப்பு ஒரு சதவீதத்தை ஒட்டியே இருந்தது. மாதவிலக்கு வராமலே பன்னிரண்டு மாதம் வரை போனவர்களிடமோ அது ஏறக்குறைய 7 சதவீதம். ஆறாவது மாதக் கோட்டின் இரண்டு பக்கத்தையும் இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

வேலைக்குப் போகும் பெண்கள்? அதையும் சிலியில் பார்த்தார்கள். குழந்தையை வீட்டில் விட்டுப் போகும் 170 தாய்மார்கள் வேலை இடத்தில் பாலைக் கையால் பீய்ச்சி எடுத்து வைத்து, குழந்தைக்கு அதையே கொடுக்கச் செய்தார்கள். குழந்தை குடித்தது தாய்ப்பால் மட்டும்தான். ஆனாலும் 2000-ல் வெளிவந்த முடிவில் ஆறு மாதக் கருத்தரிப்பு 5.2 சதவீதமாக ஏறியிருந்தது. கலஹாரியில் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? பாலின் அளவு அல்ல, குழந்தையின் வாய் எத்தனை தடவை படுகிறது என்பதுதான் கணக்கு. பீய்ச்சி எடுப்பது குழந்தைக்கு மிக நல்லது, ஆனால் தாயின் மூளைக்கு அதே செய்தியை அனுப்புவதில்லை.

ஒரு தாயின் காலண்டர்

இப்போது எல்லாவற்றையும் ஒரு கற்பனைத் தாயின் மீது பொருத்திப் பார்ப்போம். ஜனவரி 1-ஆம் தேதி பிரசவம்.

பிப்ரவரி முதல் வாரம் பிரசவத் தீட்டு நின்றது. பிப்ரவரி 14-ல் மறுபடி இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டது. இது மாதவிலக்கா? பிரசவமான முதல் 56 நாளுக்குள் வரும் ரத்தப்போக்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்பது விதி. கருப்பை பழைய நிலைக்குத் திரும்பும்போது விட்டுவிட்டு வருவது அது. 56 நாள் பிப்ரவரி 25-ல் முடிகிறது. எனவே இவர் இன்னும் பாதுகாப்பில்தான் இருக்கிறார். 56 நாளுக்குப் பிறகு தொடர்ந்து இரண்டு நாள் ரத்தம் பட்டால் அதை மாதவிலக்கு திரும்பியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச், ஏப்ரல் முழுக்கத் தாய்ப்பால். பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடுவதில்லை. எப்போதாவது ஒரு சொட்டு வைட்டமின் மருந்து கொடுக்கிறார். அது 'ஏறக்குறைய முழுக்க' என்பதில் அடங்கும். பாதுகாப்பு தொடர்கிறது.

மே 10-ல் வேலைக்குத் திரும்புகிறார். பகலில் எட்டு மணி நேரம் குழந்தையிடம் இல்லை. மாதவிலக்கு வரவில்லை, குழந்தைக்கு ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஆனால் இடைவெளி நீண்டுவிட்டது. 98 சதவீத எண் அன்றே கைவிட்டுப் போகிறது. மே 20 முதல் பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று ஒரு நாளைக்கு இரண்டு புட்டிப்பாலும் சேர்ந்தால் இரண்டாவது நிபந்தனை முற்றிலும் உடைந்தது. இரண்டில் எது நடந்தாலும் அன்றே வேறொரு முறையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

வேறு மாதிரி யோசிப்போம். இவர் வேலைக்குப் போகவில்லை, ஜூன் 5-ல் இரண்டு நாள் ரத்தப்போக்கு. குழந்தைக்கு ஐந்து மாதம்தான், தாய்ப்பால் மட்டும்தான். இருந்தும் மணி அடித்துவிட்டது. அன்றிலிருந்து கருத்தரிக்கக்கூடியவர் என்றே கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி. ஒன்றுமே நடக்கவில்லை, ஜூலை 1 வந்துவிட்டது. மாதவிலக்கு இன்னும் இல்லை. அப்போதும் முறை முடிந்தது. அவர் இதை அறியாமல் இருந்து, செப்டம்பர் 10-ல் முதல் கருமுட்டை வெளிப்பட்டால், மணி அடிக்க வேண்டிய நாள் செப்டம்பர் 24 வாக்கில். நடுவில் கரு தங்கிவிட்டால் அந்த நாள் வரவே வராது.

மாதவிலக்கு வந்துவிட்டால் பால் கெட்டுவிடுமா?

இல்லை. இந்தப் பயத்தில் பாலை நிறுத்துபவர்கள் உண்டு. மாதவிலக்கு தாயின் கருத்தரிப்பைப் பற்றிய செய்தி, பாலின் தரத்தைப் பற்றியது அல்ல. இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மாற வேண்டியது கருத்தடை முறை மட்டும்தான். காப்பர்-டி, ஆணுறை ஆகியவை பாலைத் தொடுவதில்லை. மாத்திரை என்றால் புரோஜெஸ்டிரான் வகை மட்டும் உள்ளவை பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றவை. ஈஸ்ட்ரோஜன் கலந்த சாதாரண மாத்திரை பால் சுரப்பைக் குறைக்கலாம் என்பதால் முதல் ஆறு மாதத்தில் பொதுவாகத் தவிர்ப்பார்கள். எது பொருந்தும் என்பதை டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டு முடிவு செய்ய வேண்டும். அதுவும் ஆறாவது மாதம் முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

இறக்கிவிடப்பட்ட குழந்தை

இத்தனை கணக்கும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்லின் கதை. 1930-களில் இன்றைய கானாவில், அப்போதைய கோல்டு கோஸ்ட்டில், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் வேலை பார்த்தார். ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் கை கால் வீங்கி, முடி நிறம் மாறி, தோல் உரிந்து இறந்துகொண்டிருந்தன. உள்ளூர்த் தாய்மார்களிடம் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். 'குவாஷியார்கர்' என்றார்கள். கா மொழியில் அதற்கு, அடுத்த குழந்தை பிறந்ததும் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். 1935-ல் லான்செட்டில் அவர் அந்தப் பெயரிலேயே எழுதினார், இன்றும் உலகம் முழுக்க மருத்துவப் புத்தகங்களில் அதே பெயர்தான். சத்தான தாய்ப்பால் நின்று, வெறும் சோளக் கஞ்சி மட்டும் கிடைத்த குழந்தைகள் அவை.

டாக்டர்களுக்கு முன்பே அந்தத் தாய்மார்களுக்குத் தெரிந்திருந்தது, அடுத்த குழந்தை சீக்கிரம் வந்தால் விலை கொடுப்பது முதல் குழந்தை என்று. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கருவுக்கு முன் குறைந்தது 24 மாதம் விட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான். அதில் முதல் ஆறு மாதத்தைத் தாய்ப்பாலே பார்த்துக்கொள்ளும், மூன்று நிபந்தனையும் நிற்கும்வரை. மீதிப் பதினெட்டு மாதத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

பாட்டி வாக்கியத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இப்படித் திருத்திக்கொண்டால் போதும்: "பால் மட்டுமே குடிக்கிற பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை, விலக்கும் வராமல் இருக்கும்வரை, அடுத்தது தங்குவது அபூர்வம்." கொஞ்சம் நீளம்தான், பழமொழிக்கான ஓசையும் இல்லை. ஆனால் இதை நம்பலாம்.